இரண்டு பரப்பில் ஓர் ஆடுகளம்

மைதானம் இல்லாத சிறு நகர்களுக்கான ஒரு பாடம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் வந்து குடியேறிய சிறு நகர்களில் காணிகள் எல்லாம் வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. பாடசாலை முற்றம், சந்தைக்குப் பின்னால் உள்ள வெளி, பஸ் போகும் வீதி ஆகியவற்றைத் தவிர, பிள்ளைகள் பந்து விளையாட வேறு இடம் இருப்பதில்லை. "மைதானம் தாருங்கள்" என்று நாம் மனு எழுதுகிறோம். காணி இல்லை என்று பதில் வருகிறது. அதோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

இந்தப் பதிலில் ஓர் உண்மை இருக்கிறது. சர்வதேசக் கிறிக்கெற் ஆட்டத்துக்கு எல்லைக்கோடு நடுவிலிருந்து குறைந்தது 65 யார் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு வட்டம் கீறினால் ஏறக்குறைய 2¾ ஏக்கர், அதாவது 44 பரப்புக் காணி வேண்டும். ஒரு சிறு நகரின் நடுவில் அவ்வளவு காணியை யாரும் தரப்போவதில்லை.

ஆனால் கிறிக்கெற்றை இரண்டு பரப்புக்குள், அதாவது 20 பேர்ச்சுக்குள், ஒழுங்கான விதிகளோடு ஆட முடியும். 1970களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் உருவான உள்ளரங்கக் கிறிக்கெற் அப்படிப்பட்ட ஆட்டம். சுற்றிவர வலை கட்டிய ஒரு கூட்டுக்குள் அதை ஆடுவார்கள். அதற்கு உலகக் கிண்ணப் போட்டியும் உண்டு. அந்த விதிகளை நமது மண்ணுக்கும் நமது கைக்கும் ஏற்றவாறு பயன்படுத்துவது எப்படி என்பதே இந்தப் பாடம். மழைக்காலத்தில் ஒரு மண்டபத்துக்குள் பட்மின்ரன் ஆடுவதையும், இரண்டையும் கொண்டு வட்டாரங்களுக்கிடையில் ஒரு சுற்றுப்போட்டி நடத்துவதையும் அதோடு சேர்த்துப் பார்ப்போம்.

1. முதலில் காணியும் கடிதமும்

நம்மில் பலர் இருக்கும் காணி நமது பெயரில் இல்லை. விளையாட்டுக்குக் கிடைக்கும் காணியும் அப்படித்தான் இருக்கும். அது கூட்டுறவுச் சங்கத்தின் காணியாகவோ பாடசாலைக் காணியாகவோ இருக்கலாம். வெளிநாட்டில் உள்ள ஒருவரின் வெறும் வளவாகவும் இருக்கலாம். என்றோ ஒருநாள் உரியவர் கேட்பார். ஆகவே எழுப்பும்போதே, கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக எழுப்ப வேண்டும். தூண், வலை, பாய் ஆகிய மூன்றும் நம்மோடு வரும். மண் மட்டும் அங்கே கிடக்கும். மண்ணுக்கு நாம் கொடுத்தது உழைப்புத்தான்.

பெரிய நகரங்களில் இப்போது செயற்கைப் புற்றரை விரித்து, வலை அடைத்து, மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அதைப் பார்த்து நமது இளைஞர்களும் கேட்கிறார்கள். அந்த விரிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குக் கீழே மட்டமாக இறுக்கிய கிறவல் அல்லது கொங்கிறீற் தளம் இருக்கிறது. அது சரியில்லாவிட்டால் விரிப்பு பள்ளமும் மேடுமாகிவிடும். பணத்தின் பெரும் பகுதியை விழுங்கும் அந்தத் தளத்தைப் பெயர்த்து எடுக்கவும் முடியாது. நடுப்பகல் வெயிலில் செயற்கைப் புல் வெறும் மண்ணைவிட அதிகமாகச் சுடும் என்பதையும் மறக்கக்கூடாது. சொந்தக் காணியும், பராமரிக்க வாடகை வருமானமும் உள்ள இடத்துக்கே அது ஏற்றது.

காணி உரியவரிடம் வாய்ப்பேச்சில் அனுமதி பெறுவது போதாது. ஒரு கடிதத்தில் மூன்று விடயங்களை எழுதி இரு பக்கமும் ஒப்பமிட வேண்டும். எத்தனை வருடத்துக்குத் தருகிறார்? திரும்பக் கேட்பதானால் எத்தனை மாதத்துக்கு முன் சொல்வார்? போகும்போது நாம் எவற்றை எடுத்துக்கொண்டு போகலாம்? கடிதத்தின் ஒரு பிரதி கிராம அலுவலரிடம் இருப்பது நல்லது.

வன்னியிலும் மன்னாரிலும் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலவாங்கு போடுவதற்கு முன், அந்தக் காணியும் மண் எடுக்கும் இடமும் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டவைதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வருடக்கணக்காக ஆட்கள் நடந்து திரிந்த நிலத்திலும், தோண்டாத ஆழத்தில் வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகத்துக்குரிய பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, உடனே அறிவிக்க வேண்டும்.

2. கூட்டின் அளவு

நீளம் 100 அடி, அகலம் 40 அடி. இது 4000 சதுர அடி. இரண்டு பரப்பு என்பது 5445 சதுர அடி. மிச்சம் உள்ளது, தூண்களுக்கு இழுவைக் கம்பி கட்டவும் பார்ப்பவர்கள் நிற்கவும் போதும். நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக அமைத்தால், பின்னேர வெயில் துடுப்பாடுபவரின் கண்ணிலோ பந்து வீசுபவரின் கண்ணிலோ நேரே அடிக்கும்.

நான்கு மூலைக்கும் முளை அடித்தபின் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் 107 அடி 8 அங்குலமாக இருந்தால் மூலைகள் சரி. ஒன்று கூடி மற்றது குறைந்தால் கூடு கோணியிருக்கிறது.

நீளப்பக்கம் ஒவ்வொன்றையும் ஆறு பங்காகப் பிரித்து ஏழு தூண் நடலாம். அகலப்பக்கத்தில் மூலைத் தூண்களுக்கு நடுவே இரண்டு தூண் போதும். மொத்தம் 18 தூண்கள். 18 அடி நீளமான இரண்டு அங்குலக் கல்வனைஸ் குழாய் இதற்கு ஏற்றது. மூன்று அடி நிலத்துக்குள் போனால் 15 அடி வெளியே நிற்கும். தூணை நேரே கொங்கிறீற்றில் இறுக்காதீர்கள். அதைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை நிலமட்டத்துக்குக் கொங்கிறீற்றில் இறுக்கி, தூணை அதற்குள் இறக்குங்கள். வேண்டியபோது உருவி எடுக்கலாம். எடுத்த இடத்தை உடனே மூடிவிட வேண்டும். திறந்து கிடந்தால் பிள்ளைகளின் கால் அதற்குள் போகும்.

வலையின் பாரத்தால் முதலில் சாய்வது மூலைத் தூண்கள்தான். அவற்றுக்கு வெளிப்பக்கம் இரண்டு திசையிலும் இழுவைக் கம்பி வேண்டும். மேற்கயிறு தொய்யத் தொடங்கினால் கயிற்றை இறுக்க ஓடாமல், மூலைத் தூண் உள்ளே சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வலைக்கு நைலோன் மீன்வலை நல்லது. கரையோர ஊர்களில் கழித்துவிட்ட வலை மலிவாகக் கிடைக்கும். கண் அளவில் ஒரு மயக்கம் உண்டு. மீனவர்கள் கண்ணை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளப்பார்கள். அப்படி 4 அங்குலம் இருந்தால், சதுரமாக விரிந்து நிற்கும்போது அது 2 அங்குலக் கண்ணாகும். ரென்னிஸ் பந்து அதற்குள்ளால் போகாது. அதற்கு மேற்பட்ட கண் வேண்டாம். ஒற்றை இழைத் தங்கூசி வலை வெட்டும், கைகாலிலும் சிக்கும். முறுக்கிய நூல் வலையே வேண்டும். வாங்குமுன் இரண்டு கையாலும் ஒரு கண்ணை இழுத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்து உக்கிய நூல் கையாலேயே அறுந்துவிடும். வலையின் அடியில் ஓர் அடி நிலத்தில் மடிந்து கிடக்குமாறு விட்டால் பந்து கீழால் ஓடாது.

உள்ளரங்கக் கிறிக்கெற்றில் மேலேயும் வலை உண்டு. 40 அடி அகலத்துக்கு வலையைத் தொய்யாமல் பிடிப்பது கடினம், செலவும் கூடும். ஆகவே அதை விட்டுவிட்டு, ஒழுங்கைகளில் பிள்ளைகள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட விதியை எடுத்துக்கொள்வோம். வேலிக்கு மேலால் பந்து போனால் அடித்தவர் ஆட்டமிழந்தார். இந்த ஒரு விதி அயல் வீட்டு ஓட்டையும் காப்பாற்றும், அயலவரோடு உள்ள உறவையும் காப்பாற்றும்.

3. சூட்டுக்களம் அறிந்தவர்களுக்கு ஆடுகளம் புதிதல்ல

கூட்டின் நடுவே நீளப்பாட்டில் ஆடுகளம் வரும். விக்கெற்றுக்கு விக்கெற் 22 யார், அதாவது 66 அடி. துடுப்பாடும் பக்க விக்கெற்றுக்குப் பின்னால் 12 அடியும், பந்து வீசும் பக்கத்தில் ஓடி வர 22 அடியும் விட்டால் 100 அடி சரியாகும். களத்தை 70 அடி நீளமும் 9 அடி அகலமுமாக அமைப்போம்.

இதற்கு நல்ல மண் எது? இலங்கையின் கிறிக்கெற் ஆடுகளங்களுக்கு முருங்கன் பகுதிக் களிமண் எடுத்துச் செல்லப்படுவதைப் பலர் அறிவார்கள். மன்னார் விவசாயிகளுக்கு அது நெல் விளையும் மண். ஈரத்தில் உப்பி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும் கருங்களி அது. காயும்போது அது கல்லைப்போல் இறுகுவதால்தான் பந்து எழும்புகிறது. வேறு இடங்களில் உள்ளவர்கள் குளத்து வண்டலையோ புற்றுமண்ணையோ பரீட்சித்துப் பார்க்கலாம். குளத்தில் எடுப்பதானால் கமநல சேவை நிலையத்தின் அனுமதி வேண்டும். குளக்கட்டில் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கக்கூடாது.

மண்ணைப் பரீட்சிக்கும் முறை எளிது. ஒரு பிடி மண்ணைக் கல், வேர் நீக்கி, நீர் விட்டுப் பிசைந்து, தேசிக்காயிலும் சிறிய உருண்டைகளாக உருட்டுங்கள். நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்குங்கள். பொடிந்தால் அந்த மண் உதவாது. விரலால் முடியாமல் சப்பாத்துக் காலால் மிதித்துத்தான் உடைக்க முடிகிறதென்றால் அது நல்ல மண்.

வேலை முறை இது. ஏழு அங்குலம் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, அடியில் மூன்று அங்குலம் கிறவல் போட்டு இடித்து இறுக்குங்கள். இதற்கு இரண்டு கியூப் கிறவல் போதும். அதன்மேல் ஐந்து அங்குலம் களிமண். அளவுக் கணக்கில் அது இரண்டரைக் கியூப்புக்குச் சற்று மேல் வரும். ஆனால் உருட்டும்போது மண் அமரும். ஆகவே மூன்றரைக் கியூப் எடுத்து வையுங்கள். களிமண்ணைக் காயவைத்து உடைத்து, கால் அங்குலச் சல்லடையில் அரித்துக்கொள்ள வேண்டும்.

களிமண் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டி உருட்டுவதே பெரும்பாலும் நடக்கும் தவறு. மேலே இறுகும், அடி பொருமிக் கிடக்கும். ஓர் அங்குலமாகப் பரவி, நீர் தெளித்து, உருட்டி இறுக்குங்கள். அடுத்த படை போடுமுன், இறுகிய மேற்பரப்பை முள்வாரியால் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் ஒரு படை மற்றதோடு பிடிக்காது. காய்ந்தபின் மேற்படை அப்பளம்போல் எழும்பும். ஒரு தடியால் தட்டிப் பார்த்தால், பிடிக்காத இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டிய சத்தம் கேட்கும். அந்த இடத்தை வெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும்.

உருட்டும் பதத்தை விவசாயிக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மண் உருளையில் ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. உருளை போனபின் தூசி எழுந்தால் ஈரம் போதாது. பெருவிரலால் அழுத்தினால் அடையாளம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக்கூடாது. உருளைக்கு ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயின் நடுவே குழாய் ஒன்றைச் செலுத்தி, கொங்கிறீற் நிரப்பினால் போதும். அது அரைத் தொன் நிறை வரும். ஐந்தாறு பேர் சேர்ந்து இழுக்கலாம். மெதுவாக, நீளப்பாட்டில் இழுக்க வேண்டும்.

களத்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒரே வெயிலில் காயவிடாமல், ஒரு கிழமைக்குப் பகலில் கிடுகு போட்டு மூடி, மெதுவாகக் காயவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு பெரிதாகும்.

அதன்மேல் தும்புப் பாய் விரித்து ஆடுவதே நமக்கு நல்லது. இலங்கையில் பல பாடசாலைகள் முன்னர் இப்படி "மற்றிங்" விரித்தே ஆடின. சிறு வெடிப்புகளைப் பாய் மறைக்கும், தூசியைத் தடுக்கும், மண் தேய்வதைக் குறைக்கும். நான்கு பக்கமும் இழுத்து, கொக்கி ஆணியால் நிலமட்டத்துக்கு அடிக்க வேண்டும். தொய்ந்தால் பந்து எழும்பாது, காலும் தடக்கும். ஆடி முடிந்ததும் சுருட்டி, உயரமான இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒரே மாரியில் உக்கிவிடும்.

களம் சரியா என்று அறிய, ஒரே பந்தைத் தோள் உயரத்திலிருந்து ஐந்தாறு இடங்களில் விழவிட்டுப் பாருங்கள். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பது பெரிதல்ல. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே உயரம் எழும்ப வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று குறைந்தால் அங்கே அடி பொருமியிருக்கிறது.

ரென்னிஸ் பந்தால் ஆடும் மென்பந்து ஆட்டமே இங்கு ஏற்றது. காலுறையோ தலைக்கவசமோ வாங்க வேண்டியதில்லை. இவ்வளவு நெருக்கமான கூட்டுக்குள் கடினபந்து ஆபத்தானது.

4. எட்டுப் பேருக்கும் முறை வரும் விதி

உள்ளரங்கக் கிறிக்கெற்றில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஓர் அணிக்கு 16 ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் பந்து வீச வேண்டும். துடுப்பாட நான்கு சோடிகளாகப் பிரிவார்கள். ஒவ்வொரு சோடியும் நான்கு ஓவர் ஆடும். ஆட்டமிழந்தால் வெளியே போவதில்லை. அணியின் கணக்கிலிருந்து 5 ஓட்டம் கழிக்கப்படும், அவர் தொடர்ந்து ஆடுவார்.

எதிர்முனை ஆட்டக்காரர் 22 யாருக்கு அப்பால் நிற்பதில்லை. ஏறக்குறைய நடுவில், 36 அடி தூரத்தில் உள்ள கோட்டில் நிற்பார். ஓடி முடித்தால் 1 ஓட்டம். பந்து வலையில் பட்டால் அதோடு மேலதிக ஓட்டமும் உண்டு. துடுப்பாடுபவருக்குப் பின்னால் உள்ள வலைக்கு மேலதிகம் இல்லை. அவருக்கு அண்மையான பாதிப் பக்கவலைக்கு 1, தூரத்துப் பாதிப் பக்கவலைக்கு 2. பந்து வீசுபவருக்குப் பின்னால் உள்ள வலையில் நிலத்தில் பட்டுப் போனால் 4, நிலத்தில் படாமல் நேரே போனால் 6. குறைந்தது ஓர் ஓட்டமாவது ஓடி முடித்தால்தான் இந்த மேலதிகம் சேரும்.

வெற்றிபெற்ற அணிக்கு 3 புள்ளி. அத்துடன் முதற்சோடியை எதிரணியின் முதற்சோடியோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டு, கூடுதலாக எடுத்த சோடிக்கு 1 புள்ளி. ஆக ஓர் ஆட்டத்தில் 7 புள்ளி. ஓர் உதாரணம் பார்ப்போம்.

சந்தையடி அணியின் சோடிகள் எடுத்தவை: 28, 14, -3, 31. மொத்தம் 70.
குளத்தடி அணியின் சோடிகள் எடுத்தவை: 22, 20, 11, 15. மொத்தம் 68.

சந்தையடியின் மூன்றாம் சோடி 22 ஓட்டம் எடுத்தது. ஆனால் ஐந்து முறை ஆட்டமிழந்ததால் 25 கழிந்து -3 ஆனது. மொத்தத்தில் சந்தையடி வென்றது, 3 புள்ளி. முதலாம், நான்காம் சோடிகளிலும் அதுவே முன்னிலை, இன்னும் 2. ஆக 5 புள்ளி. தோற்ற குளத்தடிக்கு இரண்டாம், மூன்றாம் சோடிகளால் 2 புள்ளி.

சுற்றுப்போட்டிகள் பாதியில் குலைவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு மூன்று ஆட்டத்தில் தோற்ற அணி நான்காவதற்கு வராமல் விடுவதுதான். இங்கே தோற்றவர்களும் புள்ளியோடு வீடு போகிறார்கள். கடைசிச் சோடி ஆடும்வரை அவர்களுக்கு ஆட ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கெட்டிக்காரன் மட்டும் ஆடி, மற்றவர்கள் பந்து பொறுக்கும் நிலையும் இல்லை.

5. மாரியில் மண்டபத்துக்குள்

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. வைகாசியிலிருந்து சோளகம் பலமாக வீசும்போதும் வலையை இறக்கி வைப்பதே புத்தி. ஆகவே காலபோக அறுவடை முடிந்து சோளகம் தொடங்கும்வரை உள்ள காலம் கிறிக்கெற்றுக்கு. மழைக்காலம் பட்மின்ரனுக்கு.

பட்மின்ரன் களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 17 அடி. 60 அடிக்கு 30 அடி அளவுள்ள பொதுநோக்கு மண்டபமோ, பாவிக்காத கூட்டுறவுக் களஞ்சியமோ போதும். மூலைவிட்டம் 48 அடி 4 அங்குலம் வந்தால் களம் கோணவில்லை. வலையின் உயரம் நடுவில் 5 அடி, ஓரத்தில் 5 அடி 1 அங்குலம். வலையிலிருந்து 6½ அடியில் முன் சேவைக்கோடு. நிலத்தைத் துளைக்க அனுமதி இல்லாவிட்டால், பழைய ரயருக்குள் கொங்கிறீற் ஊற்றி அதில் தூணை நிறுத்துங்கள். அந்த ரயர் களத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

நமது மண்டபங்களில் மூன்று குறைகள் வரும். முதலாவது கூரை. சர்வதேசப் போட்டிக்கு 12 மீற்றர் உயரம் கேட்பார்கள், நமக்கு 20 அடியே இருக்கும். பந்து கூரையில் பட்டால் அடித்தவருக்குத் தவறு என்பதே பொது விதி. ஆனால் கட்டடத்தின் அமைப்புக் காரணமாகப் பந்து தடைப்படும் இடத்தில் உள்ளூர் விதி வகுக்கப் பட்மின்ரன் சட்டமே இடம் தருகிறது. குறுக்கு வளையில் பட்டால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடுவது என்று முதலே எழுதி ஒட்டிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் தீர்மானித்தால் சண்டைதான் வரும்.

இரண்டாவது வெளிச்சம். விளக்கு களத்துக்கு நேர் மேலே தொங்கினால், அண்ணாந்து பார்ப்பவருக்குப் பந்து தெரியாது. நீள ஓரங்களுக்கு வெளியே, பக்கவாட்டில் விளக்குகளைத் தொங்கவிடுங்கள். களத்தின் இரு அந்தத்திலும் யன்னல் இருந்தால் அதைக் கடும் நிறத் துணியால் மறைக்க வேண்டும். வெள்ளைப் பந்து வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும்.

மூன்றாவது நிலம். சீமெந்து நிலத்தில் படியும் தூசியே வழுக்கி விழுத்துகிறது. ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஆடுங்கள். ஆடும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். இறகுப் பந்து சில ஆட்டங்களில் கிழிந்துவிடும். நைலோன் பந்து கூடிய நாள் உழைக்கும்.

அணிகளுக்கிடையிலான ஆட்டத்தை ஐந்து பிரிவாக வையுங்கள். ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், ஆண் இரட்டையர், பெண் இரட்டையர், கலப்பு இரட்டையர். 1989இல் தொடங்கிய சுதிர்மான் கிண்ணப் போட்டியும் இதே ஐந்து பிரிவுகளில்தான் நடக்கிறது. ஒவ்வொன்றையும் 21 புள்ளிக்கு ஓர் ஆட்டமாக வைத்தால், ஐந்தும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியும். ஐந்தில் மூன்றுக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும். அவர்களை அழைத்து வராத வட்டாரம் ஆடாமலே மூன்றை இழந்து தோற்கும். வாருங்கள் என்று கேட்டுத் திரிவதைவிட இந்தக் கணக்கு அவர்களைக் கூட்டி வந்துவிடும்.

6. அட்டவணை

ஆறு வட்டாரம் என்று வைப்போம். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை ஆடினால் 15 ஆட்டம். கிழமைக்கு மூன்று வீதம் ஐந்து கிழமை. அணிகளுக்கு 1 முதல் 6 வரை இலக்கம் கொடுத்து, மேல் வரிசையில் 1, 2, 3 என்றும், கீழ் வரிசையில் 6, 5, 4 என்றும் எழுதுங்கள். மேலும் கீழுமாக நிற்பவர்கள் முதற் கிழமை ஆடுவார்கள். அடுத்த கிழமைக்கு 1ஐ அசையாமல் வைத்து, மற்ற ஐந்தையும் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்கள். இப்படி வரும்:

முதற் கிழமை: 1-6, 2-5, 3-4
இரண்டாம் கிழமை: 1-5, 6-4, 2-3
மூன்றாம் கிழமை: 1-4, 5-3, 6-2
நான்காம் கிழமை: 1-3, 4-2, 5-6
ஐந்தாம் கிழமை: 1-2, 3-6, 4-5

ஒரு கிறிக்கெற் ஆட்டத்துக்கு 80 நிமிடம் வேண்டும். மூன்றையும் ஒரே பின்னேரத்தில் வைத்தால் கடைசி ஆட்டம் இருட்டில் முடியும். சனிக்கிழமை பின்னேரம் ஒன்று, ஞாயிறு பின்னேரம் இரண்டு என்று வைப்பது நல்லது. நடுவர் ஊதியம் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால், அன்றைய ஆட்டத்தில் இல்லாத அணி இரண்டு நடுவர்களைத் தரவேண்டும் என்று விதி செய்யுங்கள். நடுவர் தராத அணிக்கு 1 புள்ளி குறையும். குறித்த நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் எட்டுப் பேர் வராவிட்டால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆறுபேரோடு ஆட விடலாம். வராத சோடியின் நான்கு ஓவருக்கும் ஓட்டம் இல்லை.

மிச்ச நாட்களின் பின்னேரங்களையும் இப்படியே பங்கிட்டு அறிவித்தல் பலகையில் போடுங்கள். சிறுபிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனியான நாள் எழுதி வைக்காவிட்டால், வளர்ந்த இளைஞர்களே எல்லா நாளையும் எடுத்துக்கொள்வார்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊரில் 100 அடிக்கு 40 அடி வெறுமையாக உள்ள காணி எங்கே இருக்கிறது? அது யாருக்குச் சொந்தம்? அவரிடம் கடிதத்தோடு போகத் தகுந்தவர் யார்?

2. நமக்கு எட்டும் தூரத்தில் களிமண் எங்கே உண்டு? அடுத்த கூட்டத்துக்கு மூன்று இடத்து மண்ணை உருண்டையாக்கிக் காயவைத்துக் கொண்டுவர யார் முன்வருகிறீர்கள்?

3. நாளை இந்தக் காணியை விட்டுப் போகவேண்டி வந்தால், தூணும் வலையும் பாயும் யாருடைய பொறுப்பில் இருக்கும்?

4. எத்தனை அணிகள் சேர முடியும்? ஒவ்வொரு அணியிலும் பட்மின்ரன் ஆடக்கூடிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் மண்டபத்துக்கு வந்து வீடு திரும்ப ஏற்ற நேரம் எது என்று அவர்களிடமே கேட்டீர்களா?